SBIBNK-ஆ SBlBNK-ஆ? அத்தை போன்ல ஏழு பேங்க் இருந்த கதை

போன ஞாயித்துக்கிழமை செவ்வாய்ப்பேட்டையில அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன், தட்டுவடை செட்டு வாங்கிட்டு வந்து திண்ணையில உக்காந்து சாப்ட்டுட்டு இருக்கும்போது அத்தை போன நீட்டி, "கண்ணு, இதுல எதுடா நம்ம பேங்கு, எனக்கு ஏழு பேங்க் காட்டுது"ன்னுச்சு. அத்தைக்குக் கொலுசு பட்டறை, கடைக்காரங்க காசு அனுப்புறது பூரா எஸ்பிஐ கணக்குக்குத்தான் வரும், அதனால மெசேஜ் லிஸ்ட் லீ பஜார் மாதிரி நெரிசல். மேல இருந்து கீழ தள்ளிப் பாத்தேன், இதான் அந்த ஏழு:

```
AD-SBIBNK
AD-SBIBNK-S
JD-SBIBNK-S
VM-SBIINB-T
ஒரு லோன் கம்பெனி பேரு, கடைசில -P
+91-ல ஆரம்பிக்கிற ஒரு பத்து இலக்க நம்பர்
SBlBNK
```

முதல் நாலும் ஒரே பேங்க், நாலுமே நெஜம். அத்தை நம்பவே இல்ல, "ஒரே பேங்குக்கு எதுக்குடா நாலு பேரு"ன்னு கேட்டுச்சு. கேள்வி நியாயந்தான், ஏன்னா தனித்தனி த்ரெட்டா வந்து நின்னா எல்லாமே புது ஆளாத்தான் தெரியும்.

முன்னால இருக்க ரெண்டு எழுத்துக்கும் பேங்குக்கும் சம்பந்தமே இல்லீங்க. முதல் எழுத்து, பேங்க் எந்த நெட்வொர்க் வழியா அனுப்புதோ அது, A-ன்னா ஏர்டெல், J-ன்னா ஜியோ, V-ன்னா வோடஃபோன் ஐடியா. ரெண்டாவது எழுத்து அனுப்புற சர்க்கிள், D-ன்னா டெல்லி, M-ன்னா மும்பை. நம்ம சிம் எதுங்கிறது கணக்கே இல்ல. ஏற்காட்டுல மிளகு போட்டுருக்க சித்தப்பா பிஎஸ்என்எல்தான் வெச்சிருக்காரு, அவருக்கும் JD-ன்னு வரும், "நான் ஜியோ வாங்கவே இல்லையே, இது திருட்டு மெசேஜ்"ன்னு நெஜமான மெசேஜையே அழிச்சிட்டாரு மனுஷன். பேங்க் இன்னிக்கு ஒரு வழியில அனுப்பும் நாளைக்கு வேற வழியில அனுப்பும், அதனால AD ஒரு த்ரெட்டாவும் JD இன்னொரு த்ரெட்டாவும் பிரிஞ்சு கெடக்கும். அதுக்கு மேல 2025-ல போன் கம்பெனிகளக் கட்டுப்படுத்துற ட்ராய் ஆணையம் கடைசில ஒரு எழுத்து ஒட்டணும்னு கொண்டு வந்தாங்க, அப்போ மறுபடியும் எல்லாம் புது த்ரெட்டா ஆயிருச்சு, AD-SBIBNK-ல பழைய மெசேஜ் மட்டும் நிக்குது, புதுசெல்லாம் AD-SBIBNK-S-ல வருது. "பழைய மெசேஜ் எதுவும் இல்லாத த்ரெட்டா, அப்ப போலி"ன்னு சொல்ற வாட்ஸ்அப் அறிவுரைய நான் ஏத்துக்காததுக்கு இதான் காரணம்.

அந்தக் கடைசி எழுத்து பரவால்ல, கொஞ்சம் ஒதவும். T-ன்னா ஓடிபி மாதிரி பரிவர்த்தனை, S-ன்னா சர்வீஸ், P-ன்னா விளம்பரம், G-ன்னா அரசாங்கம். அத்தை லிஸ்ட்ல அஞ்சாவதா இருந்த லோன் கம்பெனி "உங்க கணக்குக்கு 2 லட்சம் ரெடி"ன்னு பேங்க் பேசுற மாதிரியே பேசுது, ஆனா வால்ல P இருக்கு, அதாவது கடை விளம்பரம். அது மோசடின்னு சொல்ல வரல, பதிவு பண்ண கம்பெனியாத்தான் இருக்கும், ஆனா உங்க பேங்க் இல்ல. கணக்கு முடங்கப் போகுது, கேஒய்சி உடனே பண்ணுங்கன்னு ஒண்ணு P வாலோட வந்துச்சுன்னா அங்கயே ரெண்டும் ஒட்டல.

ஆறாவது, பத்து இலக்க நம்பர். உள்ள "SBI"ன்னு ஆரம்பிச்சு, ரிவார்ட் பாயிண்ட் இன்னிக்கு ராத்திரியோட காலி, இந்த ஆப்ப இறக்குங்கன்னு ஒரு லிங்க். இது ரொம்ப சுலபம். பேங்க் இந்த மாதிரி மெசேஜ பதிவு பண்ண பேர்ல இருந்துதான் அனுப்பணும், சாதா மொபைல் நம்பர்ல இருந்து அனுப்பாது. ரிப்ளை அடிக்கிற கட்டம் தெறந்திருக்கான்னு பாருங்க, AD-SBIBNK-S-க்கெல்லாம் ரிப்ளை போகாது, நம்பருக்குப் போகும். அதுக்காக அடிச்சுப் பாக்காதீங்க, கட்டம் தெரியுதான்னு பாத்தா போதும்.

ஏழாவதுதான் கண்ணக் கட்டுனது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க:

```
SBIBNK
SBlBNK
```

மேல இருக்கறது பெரிய I, கீழ இருக்கறது சின்ன எல். போன் எழுத்துல ரெண்டும் ஒரே குச்சி. அனுப்புற பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வேற வேறயாத்தான் கணக்கு, அதனாலதான் 2023 பிப்ரவரியில ட்ராய், இப்படி எழுத்த மாத்தி ஒண்ணுபோல தெரியிற பேர வேற வேற கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாதுன்னே உத்தரவு போட்டாங்க. அத்தை போன்ல இருந்ததுக்கு முன்னாலயும் ரெண்டெழுத்து இல்ல, பின்னாலயும் வால் இல்ல, மொட்டையா நின்னுச்சு. பதிவு பண்ண வழியில வர்றது அப்படி மொட்டையா வராது. ஆனா ஒண்ணு, சில மெசேஜ் ஆப் அதுவே முன்னையும் பின்னையும் வெட்டிட்டு அழகா பேங்க் பேரும் லோகோவும் போட்டுக் காட்டும், அப்படி இருந்தா மெசேஜோட டீட்டெயில்ஸ் உள்ள போய்ப் பாக்கணும்.

கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியலன்னா நான் பண்றது இது. மெசேஜ் ஆப் மேல தேடுற எடத்துல நீங்களே SBIBNK-ன்னு டைப் பண்ணுங்க. அந்தப் பேர்ல நெஜமா வந்ததெல்லாம் வரிசையா வந்து நிக்கும், எல் போட்டது வராது, ஏன்னா மெஷினுக்குக் குச்சி எல்லாம் ஒண்ணு இல்ல. அத்தை முன்னாடி பண்ணிக் காட்டுனேன், SBIBNK-ன்னு இருந்த நெஜமான மூணும் வந்துச்சு, ஏழாவது காணோம். நாலாவது SBIINB, அத தனியா டைப் பண்ணணும். "அட, ஒளிஞ்சிக்கிச்சே"ன்னுச்சு.

என்ன டைப் பண்றதுங்கிறத மெசேஜ்ல இருந்து எடுக்காதீங்க, பேங்க் சொல்றதுல இருந்து எடுங்க. எஸ்பிஐ SBIBNK, SBIINB, SBIPSG, SBYONO-ன்னு அவங்களே சொல்லிருக்காங்க, எச்டிஎஃப்சி பேங்க் HDFCBK, HDFCBN. அதுலயும் சந்தேகம்னா ட்ராயோட smsheader.trai.gov.in-ல நடு ஆறு எழுத்த மட்டும் போட்டா யாரு பேர்ல பதிவாயிருக்குன்னு காட்டும். முன்னால இருக்க AD, பின்னால இருக்க S எல்லாம் வேண்டாம்.

இந்தப் பேர் பாக்குறதுக்கும் ஒரு எல்லை இருக்கு, அத மறைச்சா தப்பு. வண்டில ஒரு பொட்டிய வெச்சு டவர் மாதிரி நடிச்சு, பக்கத்துல இருக்க போன 2ஜி-க்கு இழுத்து, எந்தப் பேர வேணா போட்டு அனுப்புற வேலையும் இருக்கு. போன் பேர வெச்சுத்தான் த்ரெட் பிரிக்கும், அதனால AD-SBIBNK-S-ன்னே போட்டு அனுப்புனா நெஜமான ஓடிபிக்குக் கீழயே போய் உக்காந்துக்கும். அதுக்குப் பேர் பாத்துப் பிரயோஜனம் இல்ல, லிங்கத்தான் பாக்கணும். ரிசர்வ் பேங்க் 2025-ல பேங்குங்க எல்லாம் வெப்சைட்ட .bank.in-க்கு மாத்தணும்னு சொல்லிருச்சு, எஸ்பிஐ-னா sbi.bank.in. ஆனா bank.in-ங்கிறது முதல் ஒத்தச் சாய்கோட்டுக்கு முன்னாடி, கடைசியா நிக்கணும், sbi.bank.in.வேறஏதோ.com-னு நீண்டா அது வேற ஆளு. ஆண்ட்ராய்டுல நெறைய போன்ல 2ஜிய அணைக்க ஒரு பட்டன் இருக்கு, அத்தைக்கு அணைச்சு விட்டுட்டேன்.

ஆறாவதையும் ஏழாவதையும் அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி வெப்சைட்ல சக்ஷுங்கிற எடத்துல புகார் போட்டேன். காசு போயிருந்தா நேரா சைபர் குற்ற உதவி நம்பர் 1930-க்கு அடிக்கணும். அத்தை அந்த லிங்க்கத் தொட்டுருக்கு, ஆப் இறங்கறதுக்குள்ள கரண்டு போய் வைஃபை நின்னுருச்சாம். திட்டிக்கிட்டே போன வெச்சிருச்சாம் அன்னிக்கு.