பிரீஃபோல்ட், மூங்கில், ஹெம்ப்: மூன்றையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்ததில்

பிறந்த சில வாரங்களில் தொடங்கி, நடக்கப் பழகி ஓடுகிற வயது வரை என் மகளுக்குத் துணி நாப்பிதான். பருத்தி பிரீஃபோல்ட், மூங்கில் இன்சர்ட், ஹெம்ப் இன்சர்ட் மூன்றும் வீட்டில் சேர்ந்தே புழங்கின. பிரீஃபோல்ட் என்பது நடுவில் அடுக்குகள் அதிகமாக வைத்துத் தைத்த துணி, இன்சர்ட் என்பது நீர் கசியாத மேல் கவருக்குள் வைக்கும் உறிஞ்சு துணி, ஹெம்ப் என்பது ஒரு செடியின் நார். எது அதிகம் உறிஞ்சும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். எவ்வளவு வேகமாக உறிஞ்சும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒழுகல் பிரச்சினைகளில் பாதி அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இது தெரிந்தது இரவு ஒழுகலில். மகள் இரவு முழுக்கத் தூங்கத் தொடங்கிய பிறகு, மெல்லியதாக இருக்கிறதே, நிறையப் பிடிக்குமாமே என்று ஹெம்ப்பை மட்டும் கவருக்குள் வைத்துக் கட்டினோம். தூங்கிய கொஞ்ச நேரத்திலேயே தொடைப் பக்கம் ஈரம். எடுத்து விரித்துப் பார்த்தால் முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும்தான் நனைந்திருக்கிறது. பின்பாதி மொறமொறவென்று காய்ந்தே கிடக்கிறது. கொள்ளளவு போதாமல் ஒழுகியிருந்தால் துணி முழுக்க நனைந்திருக்கும். துணி காய்ந்திருக்கும்போதே ஒழுகினால் ஒன்று கவர் தொடையில் சரியாகப் படியவில்லை, அல்லது துணி உள்ளே இழுப்பதற்குள் நீர் ஓடிவிட்டது. கவர் சரியாகத்தான் இருந்தது.

சந்தேகம் தீர, மூன்றையும் தட்டில் பரப்பி ஒவ்வொன்றின் மேலும் 60 மில்லி தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினேன். பிரீஃபோல்ட் ஊற்ற ஊற்றக் குடித்துவிட்டது. மூங்கில் ஒரு கணம் தயங்கி உள்ளே இழுத்தது. ஹெம்ப்பின் மேல் தண்ணீர் குளமாக நின்று, ஓரத்துக்கு ஓடித் தட்டில் இறங்கிய பிறகுதான் மெல்ல உள்ளே போனது. அதே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபோது ஹெம்ப்பும் சொட்டு விடாமல் பிடித்தது. அதன் பருமனுக்கு அவ்வளவு பிடிப்பது மற்ற இரண்டாலும் முடியாது. குழந்தை சொட்டுச் சொட்டாகப் போவதில்லை என்பதுதான் சிக்கல்.

அதனால் இரவுக்கு, மூன்றாக மடித்த பிரீஃபோல்ட் மேலே, ஹெம்ப் கீழே என்று வைத்தோம். மேலே இருப்பது சட்டென வாங்கிக்கொள்ளும்; அது நிறைய நிறையக் கீழே இருப்பது மெதுவாக இழுத்துக்கொள்ளும். ஒரு காலையில் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பிரீஃபோல்ட் 105 கிராமிலிருந்து 225 ஆகியிருந்தது. ஹெம்ப் 55-லிருந்து 145. ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கொண்டால் மொத்தம் 210 மில்லி, அதில் 90 ஹெம்ப்பிடம். தொடைப் பட்டை காய்ந்தே இருந்தது. ஹெம்ப்பை மேலே வைத்தும் பார்த்தோம், பழைய கதைதான்.

இன்னொன்று: புதிதாக வாங்கிய துணியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வெளுக்காத பருத்தியிலும் ஹெம்ப்பிலும் இயற்கையான மெழுகும் எண்ணெயும் இருக்கும். அது போகும்வரை தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். சில சொட்டு விட்டுப் பாருங்கள். உருளாமல் உடனே பரவினால் தயார். பிரீஃபோல்டுக்கு நான்கைந்து சூடான துவைப்பு போதுமானதாக இருந்தது. ஹெம்ப்புக்கு அதைவிட இரு மடங்கு ஆனது. மூங்கில் என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ் இழை, அதில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ‘மூங்கில் கரி’ என்று சாம்பல் நிறத்தில் வருவது வேறு சரக்கு. பல சமயம் உள்ளே இருப்பது வெறும் பாலியஸ்டர் மைக்ரோஃபைபர்தான், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

காய்வதில் பிரீஃபோல்ட்தான் முதலிடம். அதன் ஓரப் பட்டைகள் சீக்கிரம் காய்ந்துவிடும்; அடுக்குகள் அதிகமுள்ள நடுப்பகுதிதான் இழுக்கும். வெயிலும் காற்றும் இருந்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். மூங்கிலும் ஹெம்ப்பும் அதே கொடியில் மாலை வரை தொங்கும். மழை நாளில் வீட்டுக்குள் போட்டால் மறுநாளும் தொங்கும். கையால் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், அதை நம்பக் கூடாது. நடுத் தையலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் பாக்கி. அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சை வாடை வந்துவிடும். ஹெம்ப் காய்ந்ததும் அட்டை போல விறைக்கும். இரண்டு கையாலும் கசக்கி விட்டால் இளகிவிடும். மூங்கிலை டிரையரில் அதிகச் சூட்டில் போடாதீர்கள், இழை சீக்கிரம் நைந்துவிடுகிறது.

துவைக்கும் முறை மூன்றுக்கும் ஒன்றேதான். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, நாப்பிகளைக் காற்றோட்டமான கூடையில் போட்டு வைப்போம். வாளியில் ஊற வைப்பதில்லை. அப்புறம் கொஞ்சம் தூள் போட்டு ஒரு குட்டித் துவைப்பு. அந்த அழுக்குத் தண்ணீர் வடிந்த பிறகு 60 டிகிரியில், முழு அளவு தூளோடு நீண்ட துவைப்பு. டிரம்மில் முக்கால் பங்கு துணி இருக்க வேண்டும். துணி குறைவாக இருந்தால் ஒன்றோடொன்று உரசாமல் தண்ணீரில் சும்மா மிதக்கும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கூடவே கூடாது, இழையின் மேல் படிந்து உறிஞ்சுவதைக் கெடுத்துவிடும். டயப்பர் க்ரீம் பூசுகிற நாட்களில் மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டுவிடுவோம், அதே காரணத்துக்காக.

முறை ஒன்றானாலும், அதில் குறை இருந்தால் முதலில் காட்டிக் கொடுப்பது ஹெம்ப்தான். எங்கள் வீட்டில் வருவது கடின நீர். ஒரு கட்டத்தில் ஹெம்ப் மட்டும் காய்ந்திருக்கும்போது வாடையே இல்லாமல் இருந்து, மகள் நனைத்த உடனே மூக்கில் குத்தும் அமோனியா நெடி அடித்தது. அதோடு சேர்த்துத் துவைத்த பிரீஃபோல்டில் ஒன்றுமில்லை. காலையில் எடுக்கும் இரவு நாப்பியில் கொஞ்சம் நெடி இருப்பது சகஜம். புதிதாக நனைந்ததிலேயே அடித்தால் பழைய சிறுநீரும் உப்புப் படிவும் இழைக்குள் தங்கியிருக்கிறது என்று பொருள். இன்னும் இரண்டு முறை அலசுவதால் பயனில்லை. முழுத் துவைப்பில் நீர் மென்மையாக்கும் தூளையும் சேர்த்தோம், சலவைத் தூளையும் கொஞ்சம் கூட்டினோம். சில துவைப்புகளில் நெடியும் போனது, விறைப்பும் குறைந்தது. வினிகர் ஊற்றச் சொல்லி நிறையப் பேர் சொன்னார்கள். கவரின் எலாஸ்டிக்குக்கு அது ஆகாது என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நீடித்து உழைப்பதில் மூங்கில்தான் முதலில் கைவிட்டது. தொட்டால் அதுதான் மிருது. ஆனால் விஸ்கோஸ் இழை நனைந்தால் வலுவிழக்கும். நாப்பியோ எப்போதும் நனைந்தே கிடக்கிற பொருள். தையல் ஓரங்களில் சல்லடையாகி, பருமனும் குறைந்துவிட்டது. பிரீஃபோல்டில் ஓர நூல் பிரிந்ததோடு சரி. ஹெம்ப் சற்று நிறம் மங்கியது, அவ்வளவுதான்.

மறுபடி வாங்குவதென்றால் பகலுக்கு முழுக்க பிரீஃபோல்ட், இரவுக்கு ஹெம்ப் நான்கு. நாங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் துவைப்பதால், இரண்டு கூடையில், இரண்டு கொடியில் என்று சரியாக இருக்கும். மழை நாட்கள் நீளும் இடமென்றால் ஐந்தாவதும் ஆறாவதும் தேவைப்படும். மூங்கிலில் இரண்டு போதும், அதுவும் தோல் சிவந்திருக்கும் நாட்களுக்கு மட்டும்.