நேர்முகத்துக்கு முன் விலகுவது: மௌனமா, பொத்தானா, போனா, மின்னஞ்சலா?

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை எனக்குப் பயிற்சிப் பொறியாளர் வேலை கொடுத்துவிட்டது. அதே நேரம் ஒரகடத்தில் வேறொரு நிறுவனத்தின் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். சனிக்கிழமை நேர்முகம், நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. சம்பளம் அங்கேதான் கூடுதல். ஆனால் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போனால், பாளையங்கோட்டை வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருவதே எனக்கு லாபம்.

விலகும் விதத்தைவிட நேரம் முக்கியம். "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று போனில் சொன்னதை நம்பி இன்னொன்றைக் கைவிடக் கூடாது. பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் எழுத்தில் வரவேண்டும். ஒப்பந்தக் காலம் உண்டா, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சம்மதம் தெரிவித்து, அது கிடைத்ததாக அவர்கள் பதில் அனுப்பும் வரை ஒரகடத்துக்கு நான் மூச்சு விடவில்லை.

அப்பாவின் கட்சி மௌனம். "நீ போகாவிட்டால் அவர்களாகவே புரிந்துகொள்வார்கள், விடு" என்றார். செலவில்லாத வழிதான். ஆனால் அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். அதோடு இந்த வாய்ப்பு கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவு வழியாக வந்தது. நான் வராமல் போனால் கெட்ட பெயர் கல்லூரிக்கு, பாதிப்பு அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு.

விண்ணப்பித்த இணையதளத்தில் `Withdraw` என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் விண்ணப்பத்தின் நிலை மாறும்; நேர்முகத்தை ஏற்பாடு செய்தவர் அதை உடனே பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில தளங்களில் அதே பதவிக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. உறுதிசெய்யும்முன் வரும் எச்சரிக்கையைப் படிப்பது நல்லது.

போனில் செய்தி உடனே போய்ச் சேரும். தொல்லையும் அதில்தான். "எந்தக் கம்பெனி? எவ்வளவு தருகிறார்கள்? கொஞ்சம் பொறுங்கள், மேலாளரிடம் பேசுகிறேன்" என்பார்கள். புதிதாகப் படித்து வந்தவன் கூச்சத்தில் "சரி சார்" என்று சொல்லித் தொலைப்பான். பிறகு விலகினானா இல்லையா என்பது அவனுக்கே தெரியாது.

என் ஓட்டு மின்னஞ்சலுக்கு. தலைப்பில் பெயர், பதவி, விண்ணப்ப எண். உள்ளே இவ்வளவு போதும்: "வேறொரு வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டதால் என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். சனிக்கிழமை நேர்முகத்துக்கு வர இயலாது. தங்கள் நேரத்துக்கு நன்றி." சேரும் இடத்தின் பெயரோ சம்பளமோ தேவையில்லை. "தற்போதைக்கு", "முடிந்தால்" போன்ற சொற்களும் கூடாது. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் பேரம் தொடங்கும்.

நேர்முகம் நெருங்கிவிட்டதால் முதலில் வேலைவாய்ப்பு அலுவலரிடம் சொன்னேன். பிறகு ஒரகடத்துக்குப் போன் செய்து இரண்டே வாக்கியத்தில் முடித்தேன். மின்னஞ்சலை உடனே அனுப்பி, அலுவலருக்கும் ஒரு நகல் வைத்தேன். சம்பளத்தைப் பற்றி மறுபடி பேசலாமா என்று மாலையில் பதில் வந்தது. "நன்றி, முடிவு செய்துவிட்டேன்" என்று எழுதிவிட்டு டிக்கெட்டை ரத்து செய்தேன்.