64இல் நிற்கும் கட்டுரை: ஏற்றுவதா, இறக்குவதா?

தவணைப் பரீட்சையில் 65 புள்ளி எடுத்தால் பி, 64 என்றால் சி. போன தவணை தரம் 11 கட்டுரைகளைத் திருத்தியபோது என் மேசையில் இரண்டு 64கள் நின்றன. ஒன்றை ஏற்றினேன், மற்றதை இறக்கினேன். ஆனாலும் நான் ஏற்றும் பக்கத்து ஆள்தான்.

பாவம் பார்த்து ஏற்றுவதும், பிள்ளை அடுத்த முறை உழைக்கட்டும் என்று இறக்குவதும் திருத்தும் வேலையில் சேராது. பெயரை மறைத்துவிட்டால் இரண்டும் பாதி குறையும்.

பிழையை இரண்டு தரம் வெட்டுகிறோமா என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியம். எங்கள் புள்ளித் திட்டத்தில் உள்ளடக்கத்துக்கு 40, ஒழுங்கமைப்புக்கு 30, மொழிநடைக்கு 20, எழுத்துப்பிழைக்கு 10. மட்டக்களப்பு வாவி மாசடைவது பற்றிய ஒரு கட்டுரைக்கு முறையே 29, 19, 12, 4 போட்டிருந்தேன். ற, ர குழப்பம் வரிக்கு வரி இருந்தது. அதற்கான தண்டனை அந்த 4இலேயே முடிந்துவிட்டது. ஆனால் கண்ணை உறுத்தும் பிழை உள்ளடக்கத்தையும் மட்டமாகக் காட்டிவிடும்.

அதனால் மொத்தத்தை மறைத்துவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் திரும்ப வாசித்தேன். முகத்துவாரம் மணலால் மூடிக்கிடக்கும் காலத்தில் வாவி நீர் கடலோடு கலப்பதில்லை, அதனால் நகரத்துக் கழிவு உள்ளேயே தேங்குகிறது, அது இறாலையும் மீனையும் பாதிக்கிறது, பிறகு தோணிக்காரரின் வருமானம் குறைகிறது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிள்ளை கொண்டுபோயிருந்தது. "காரணங்களைத் தொடர்புபடுத்தி விளக்குதல்" என்ற, திட்டத்தில் உள்ளடக்கத்தின் மேல்படிக்கு உள்ள விவரணத்துக்கு இது அப்படியே பொருந்தியது. 29ஐ 31 ஆக்கினேன், மொத்தம் 66. வெறுமனே ஒரு புள்ளியைச் செருகவில்லை. எந்தப் பகுதியில், எதற்காகக் கூடியது என்று விடைத்தாளிலேயே எழுதிவைத்தேன்.

மற்ற 64இல் முத்தான கையெழுத்து, பழமொழி இரண்டு, அழகான முடிவுரை. ஆனால் பொலித்தீன், எண்ணெய், கழிவுநீர் என்று பட்டியல் மட்டும்தான், ஒன்றுக்கும் விளக்கம் இல்லை. 62க்கு இறங்கியது. இறக்குவது சரியாகும் இடம் இதுதான்: கையெழுத்தும் நடையும் உள்ளடக்கத்துக்குப் புள்ளி வாங்கிக் கொடுத்திருந்தால்.

முடிவு எதுவானாலும், 60இலும் 68இலும் சந்தேகமில்லாமல் நிற்கும் இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிக நல்ல தாள் ஒன்றுக்குப் பிறகு வருவது உள்ளதைவிட மெலிந்து தெரியும். 63இலும் 65இலும் நிற்பவற்றையும் இதே கண்ணால் ஒரு தரம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் 64 எடுத்த பிள்ளைக்கு மட்டும் சலுகை.

உயர்தர இலக்கிய விடைகளில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கு மேற்கோளைக் கையாளும் விதமும் சேர்வதால் இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவருமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். பொதுப் பரீட்சைத் தாள்களுக்கு இது பொருந்தாது. அங்கே கொடுத்த புள்ளித் திட்டம்தான், ஐயம் வந்தால் பிரதம பரீட்சகரிடம் போக வேண்டும்.