வெற்றுத்தாளா, அச்சிட்ட பத்தியா?

ஏழு வயதுப் பிள்ளை சத்தமாக வாசிக்கும்போது, எங்கே சரி, எங்கே பிழை என்று நாம் குறிப்பெடுக்க இரண்டு வழி உண்டு. நியூசிலாந்தின் வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே வகுத்த முறைக்கு வெற்றுத்தாளே போதும். சரியாக வாசித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டிக், புத்தகத்தில் வரி முடிந்தால் தாளிலும் அடுத்த வரி. பிழை வந்தால் பிள்ளை சொன்னதை மேலே, புத்தகத்தில் உள்ளதைக் கீழே எழுத வேண்டும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் உடனே தொடங்கலாம். ஆனால் பிள்ளை வேகமாக வாசித்தால், பழகாத கை பின்தங்கிவிடும்.

இரண்டாவது வழி, பிள்ளை வாசிக்கும் பத்தியையே அச்சிட்டு வைத்து அதன் மேல் குறிப்பது. இதில் எழுத்து வேலை குறைவு. “கிளையில் குருவி அமர்ந்தது” என்ற வரியை என் மகள் “கிளியில்” என்று தொடங்கி, நிறுத்தி, “கிளையில்” என்று திருத்தினாள். சொல்லின் மேல் “கிளியில், தி” என்று குறித்தேன். அப்புறம் “அமர்ந்தது” என்பதை “உட்கார்ந்தது” என்றாள். பொருள் மாறவில்லை, இருந்தாலும் அது பிழைதான். திருத்திக்கொண்டது பிழைக் கணக்கில் சேராது.

100 சொல்லில் 6 பிழை, 3 திருத்தம். துல்லியம் 94 சதவீதம். மொத்தம் 9 சறுக்கலில் 3 திருத்தம், அதாவது மூன்றுக்கு ஒன்று. இந்தக் கணக்கு இரண்டு தாளிலும் ஒன்றேதான்.

சரளத்துக்கு மட்டும் அச்சுத்தாள் தெளிவாக மேல். பிள்ளை நிற்கும் இடத்தில் ஒரு சாய்கோடு போட்டால், சொல் சொல்லாக வாசிக்கிறாளா, தொடராகவா என்று கண்ணிலேயே தெரியும். முதல் சில மாதம் நான் இதையே வைத்துக்கொள்வேன்.