டைல்ஸ் கொட்டேஷன் கடிதம்: பெட்டி ரேட்டா, சதுர மீட்டர் ரேட்டா?

டைல்ஸுக்குக் கொட்டேஷன் கேட்டு நான் அனுப்பிய முதல் கடிதம் நாலே வரி. அளவு, நிறம், எத்தனை பெட்டி, "உங்கள் குறைந்த ரேட்டைத் தெரிவிக்கவும்". மூன்று பேரிடமிருந்து பதில் வந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மலிவு என்றே தெரியவில்லை. அதனால் அதே மூன்று பேருக்கும் ரேட்டின் அடிப்படையை நானே குறித்து இரண்டாவது கடிதம் எழுதினேன். இரண்டில் எது தேவலை என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கணக்கோடு பார்க்கலாம். தரையின் அளவு 210 சதுர மீட்டர். வெட்டில் வீணாவதற்கு 8 சதவீதம் சேர்த்தால் 226.8. 600×600 மி.மீ. டைல்ஸ் பெட்டிக்கு நாலு என்றால் ஒரு பெட்டி 1.44 சதுர மீட்டர், ஆக 158 பெட்டி. விலையை வெறும் எண்ணாக வைத்துக்கொள்வோம்.

முதல் ஆள் பெட்டிக்கு 100 என்றார். இரண்டாமவர் 78. பார்த்தவுடன் கை 78 பக்கம்தான் போகும். ஆனால் அவருடைய பெட்டியில் மூன்று டைல்தான், 1.08 சதுர மீட்டர். அவரிடம் 210 பெட்டி வாங்க வேண்டும். முதல்வரிடம் மொத்தம் 15,800, இவரிடம் 16,380.

மூன்றாமவர் சதுர அடிக்கு 6.30 என்றார். 158 பெட்டிக்கு 2,449 சதுர அடி, எனவே 15,430 போல ஆகும், இவர்தான் மலிவு என்று நினைத்தேன். இங்கேதான் சூட்சுமம். 600 மி.மீ. டைலை வியாபாரத்தில் "ரெண்டுக்கு ரெண்டு" என்பார்கள், பெட்டியை 16 சதுர அடி என்று பில் போடுவார்கள். உண்மையில் இரண்டடி என்பது 609.6 மி.மீ.; பெட்டியில் இருப்பது 15.5 சதுர அடிதான். பில்லில் 2,528 சதுர அடி விழும், தொகை 15,926. நடுவில் போன 79 சதுர அடி என்பது ஐந்து பெட்டிக்கான காசு. இது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அவர்கள் பேச்சுவழக்கு அப்படி. கேட்பவர்தான் தெளிவாகக் கேட்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. முதல்வரின் 100 குடோன் வாசல் விலை. 9 மி.மீ. டைல்ஸ் 158 பெட்டி என்றால் நாலரை டன் வரும். லாரி வாடகை, இறக்குகூலி என்று 650 சேர்ந்து 16,450 ஆனது. மூன்றாமவரின் விலையில் இரண்டும் அடக்கம். கடைசியில் அவரிடம்தான் வாங்கினேன்.

இரண்டாவது கடிதத்தில் இந்தப் பத்தியைத்தான் சேர்த்தேன்:

"விலையை ஒரு சதுர மீட்டருக்குக் குறிப்பிடவும். டைலின் உண்மையான மி.மீ. அளவில் பரப்பைக் கணக்கிடவும். பெட்டிக்கு எத்தனை டைல், எத்தனை சதுர மீட்டர் என்பதையும் எழுதவும். வரி, லாரி வாடகை, வேலை நடக்கும் இடத்தில் தரைத்தளத்தில் இறக்கி அடுக்கும் கூலி அனைத்தும் விலையில் அடங்க வேண்டும். வரியைத் தனியாகவும் காட்டவும். வழியில் உடைந்தவற்றை மாற்றித் தருவது உங்கள் பொறுப்பு. பிரிக்காத பெட்டிகளைத் திரும்ப எடுப்பீர்களா, எந்த விலைக்கு என்பதையும் தெரிவிக்கவும்."

"தரைத்தளத்தில்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மாடிக்கு ஏற்றுவது தனிக் கூலி, லாரி வந்து நின்ற பிறகு பேரம் பேச முடியாது.

தர விவரத்தில் பிராண்டு பெயரைப் போடுவதா, குணங்களை எழுதுவதா என்பதும் ஒரு கேள்வி. பிராண்டைப் போட்டால் போட்டி குறையும். நான் முதல் தரம், 9 மி.மீ., ஓரம் சீவியது, நீர் உறிஞ்சுதல் 0.5 சதவீதத்துக்குள் என்று எழுதினேன். கூடவே, எல்லாப் பெட்டியிலும் ஷேடு எண்ணும் அளவுக் குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற வரி. இறக்கும்போதே பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்த்தால் போதும். கலந்து வந்தால், ஒட்டி முடித்த பிறகுதான் பாதித் தரை வேறு நிறமாகத் தெரியும். தேதி, விலை எத்தனை நாள் செல்லும், பணம் எப்போது என்பதெல்லாம் எல்லோரும் எழுதுவதுதான்.

பெட்டி ரேட்டுக்கும் இடம் உண்டு. குளியலறைச் சுவருக்குப் பத்துப் பெட்டி வாங்கினபோது நேரில் போய்ப் பெட்டிக் கணக்கிலேயே முடித்தேன். அதற்குக் கடிதம் எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள். பல தவணையாக லோடு வரும் பெரிய வேலையை நான் ஒரு முறைதான் பார்த்தேன், அதை வைத்துப் பெரிதாகச் சொல்ல முடியாது. அதில் ஷேடு மாறாமல் இருக்க மொத்த சரக்கையும் ஒரே பேட்ச்சில் ஒதுக்கி வைக்கச் சொன்னோம். அதற்குக் கடைக்காரர் முன்பணம் கேட்டார், கொடுத்தோம்.