மாதக் கடைசியில் திரட்டுவதா, ஞாயிறுதோறும் ஒதுக்குவதா?

தலவாக்கலையில் ஆட்டோ ஓட்டும் என் மைத்துனர் லீசிங்கில்தான் வண்டி எடுத்தார். நான்கு வருடம், மாதத் தவணை 24,000 ரூபாய். இரண்டு முறையிலும் கட்டிப் பார்த்தவர் அவர்.

முதல் வருடம் மாதக் கடைசியில் திரட்டிக் கட்டினார். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டிக் கிடைக்கும். அந்த வாரம் ஹயருக்குக் குறைவில்லை. தவணையோ 28ஆம் திகதி. அதற்குள் நல்ல வாரத்துப் பணம் கரைந்துவிடும். இரண்டு தவணை தவறி, தாமத வட்டியும் ஏறியது.

பிறகு அக்காவின் கண்டிப்பில் ஞாயிறுதோறும் தவணைக்கென ஒதுக்கத் தொடங்கினார். வாரம் 6,000 என்று சமமாகப் பிரித்தது சரிவரவில்லை; மழை வாரத்தில் பெற்றோலுக்கே இழுபறி. ஆகவே சம்பள வாரத்தில் 10,000, அடுத்த வாரம் 6,000, மற்ற இரண்டிலும் நாலாயிரம் என்று மாற்றினார்கள். ஐந்தாவது ஞாயிறு வரும் மாதங்களில் அந்தப் பணம் காப்புறுதிக்கும் டயருக்கும் போனது. எனக்குப் பிடித்தது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

மிஞ்சியதை முன்கூட்டியே கட்டினால் வட்டி குறையுமே என்றேன். அவர் எடுத்த லீசிங்கில் அது அடுத்த தவணைக்கான முன்பணமாகவே கிடக்குமாம்; முழுக்கடனையும் ஒரேயடியாக முடித்தால்தான் வட்டியில் கழிவு பேசலாம். அதனால் கடைசி எட்டு மாதத் தவணைக்கு ஈடான தொகை சேரும்வரை சேமிப்புக் கணக்கில் வைத்திருந்து, கணக்கை எழுத்தில் வாங்கிய பிறகே முடித்தார்.

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயரை நீக்க மேலும் மூன்று முறை அலைந்தது தனிக்கதை.