பணம் சரி, டிக்கெட் சரியா? வசூல் அறிக்கையைப் பார்க்கும் மூன்று வழிகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு சங்கம் நாடகமோ இசை நிகழ்ச்சியோ நடத்தினால் டிக்கெட் ஒரே இடத்தில் விற்பதில்லை. மண்டப வாசலில் ஒரு கவுண்டர் இருக்கும். அதற்கு முன்பே தேவகோட்டையில் ஒரு ஜவுளிக்கடை, பள்ளத்தூரில் ஒரு மருந்துக்கடை, கானாடுகாத்தானில் ஓர் உறுப்பினர் வீடு என்று டிக்கெட் புத்தகங்கள் பிரிந்து போயிருக்கும். நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு தாளில் அறிக்கை வரும்: வகுப்புவாரியாக விற்றது எத்தனை, இலவச பாஸ் எத்தனை, மொத்த வசூல் எவ்வளவு.

அந்தத் தாளைச் சரிபார்க்க மூன்று வழிகள் உண்டு. கையில் இருக்கும் பணத்திலிருந்து தொடங்கலாம், புத்தகத்தில் மிஞ்சிய அடிக்கட்டையிலிருந்து தொடங்கலாம், அல்லது வாசலில் கிழித்து வாங்கிய பாதிகளிலிருந்து தொடங்கலாம். பணத்தை எண்ணிப் பார்த்ததோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அடிக்கட்டைதான் முதலில் என்பது என் கட்சி. ஒரே அறிக்கையை மூன்று வழியிலும் ஓட்டிப் பார்த்தால் காரணம் தெரியும்.

இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். கட்டணம் 500, 300, 100 ரூபாய். 500 ரூபாய் டிக்கெட் 120 அச்சடித்து, 20 தாள் கொண்ட 6 புத்தகங்களாகக் கட்டியிருக்கிறார்கள். 300 ரூபாய் டிக்கெட் 200, 100 ரூபாய் டிக்கெட் 300, இரண்டும் 50 தாள் புத்தகங்கள். வெள்ளைத் தாளில் தனி வரிசை எண்ணோடு 50 இலவச பாஸ். அறிக்கை சொல்வது: 500 ரூபாயில் 92, 300 ரூபாயில் 158, 100 ரூபாயில் 231, இலவசம் 48. மொத்த வசூல் 1,16,500 ரூபாய்.

பணத்திலிருந்து

இதுதான் வேகமான வழி. 46,000, 47,400, 23,100 மூன்றையும் கூட்டினால் 1,16,500. ரொக்கம் 71,300, யுபிஐ 45,200, அதுவும் 1,16,500. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "பணந்தான் சரியா இருக்கே அண்ணே, அப்புறம் என்ன?" என்று பொருளாளர் கேட்பார்.

அப்புறம் நிறைய இருக்கிறது. அறிக்கையை எழுதியவர் பணத்தை எண்ணிவிட்டு, அதற்குப் பொருந்தும்படி டிக்கெட் எண்ணிக்கையைப் போட்டிருந்தால், பணமும் அறிக்கையும் எப்போதும் பொருந்தித்தான் நிற்கும். அறிக்கையை வைத்தே அறிக்கையைச் சரிபார்த்ததாகிவிடும்.

இன்னொரு சிக்கல் கட்டணத்திலேயே இருக்கிறது. 300 ரூபாய் டிக்கெட் இரண்டு சேர்ந்தால் 600. 500 ஒன்றும் 100 ஒன்றும் சேர்ந்தாலும் 600. இரண்டு பக்கமும் இரண்டே டிக்கெட். ஆகவே மேலே சொன்ன அறிக்கையில் 92, 158, 231 என்பதற்குப் பதிலாக 93, 156, 232 என்று எழுதினாலும் மொத்த டிக்கெட் அதே 481, மொத்தப் பணம் அதே 1,16,500. வகுப்பு மாறிப் பதிவானதை எந்தக் கூட்டலும் காட்டாது. கட்டணங்கள் சம இடைவெளியில் இருந்தால் இப்படித்தான் ஆகும். நடு வகுப்பை 250 ஆக்கிப் பாருங்கள்: எண்ணிக்கையும் பணமும் இரண்டும் மாறாமல் இருக்க, எட்டு 250 ரூபாய் டிக்கெட்டுகள் மூன்று 500 ஆகவும் ஐந்து 100 ஆகவும் இடம் மாற வேண்டும். அவ்வளவு பெரிய தவறு தற்செயலாக நடப்பது அரிது. அடுத்த நிகழ்ச்சிக்குக் கட்டணம் வைக்கும்போது இதை யோசிக்கலாம். மேல் வகுப்பை மட்டும் 500க்கு மேல் கொண்டுபோகும் முன் இன்னொன்றையும் பாருங்கள். நாடகம், இசை நிகழ்ச்சி போன்றவற்றுக்கு ஓர் ஆளுக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் வரியைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டிய நிலை வரலாம்.

யுபிஐ வரவும் வகுப்பைச் சொல்லாது. 1,500 ரூபாய் வந்திருந்தால் அது மூன்று 500 ஆகவும் இருக்கலாம், ஐந்து 300 ஆகவும் இருக்கலாம். அதே க்யூஆர் அட்டையைப் பணியாரக் கடைக்கும் நன்கொடை மேசைக்கும் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். டிக்கெட்டுக்கு மட்டும் தனி க்யூஆர் வைப்பது இந்த வழியைக் கொஞ்சம் காப்பாற்றும்.

அடிக்கட்டையிலிருந்து

இங்கே பணத்தைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும் அச்சகத்திலிருந்து வந்தது எத்தனை, விற்காமல் திரும்பியது எத்தனை என்று மட்டும் பார்க்க வேண்டும். வித்தியாசம் வெளியே போனது. சினிமா கொட்டகைகளின் தினசரி வசூல் அறிக்கையான டி.சி.ஆரிலும் வகுப்புவாரியாகத் தொடக்க எண், முடிவு எண் என்றுதான் எழுதுவார்கள். செட்டிநாட்டுக் கணக்கு பழகியவர்களுக்கும் இது புதிதல்ல: அன்றாட வரவு செலவை எழுதும் சிட்டையில் ஏறாததைப் பேரேட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். டிக்கெட் விற்பனைக்கு அடிக்கட்டைதான் சிட்டை.

நம் உதாரணத்தில் புத்தகங்களைப் பிரித்து வைத்தால் இப்படி வருகிறது:

| வகுப்பு | அச்சடித்தது | திரும்பியது | வெளியே போனது | அறிக்கை சொல்வது |
|---|---|---|---|---|
| 500 ரூபாய் | 120 | 22 | 98 | 92 |
| 300 ரூபாய் | 200 | 38 | 162 | 158 |
| 100 ரூபாய் | 300 | 69 | 231 | 231 |
| இலவச பாஸ் | 50 | 12 | 38 | 48 |
| மொத்தம் | 670 | 141 | 529 | 529 |

கடைசி வரியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் 529. பணமும் பொருந்தியது, தலை எண்ணிக்கையும் பொருந்துகிறது. ஆனால் வகுப்பு வகுப்பாகப் பார்த்தால் 500 ரூபாய் டிக்கெட் 6, 300 ரூபாய் டிக்கெட் 4, ஆக 10 டிக்கெட் விலை வரிசையிலிருந்து இலவச வரிசைக்குப் போயிருக்கின்றன. அவற்றின் மதிப்பு 4,200 ரூபாய். வெள்ளை பாஸ் தீர்ந்துபோனதால் விலை டிக்கெட்டைக் கொடுத்தோம் என்றும் சொல்ல முடியாது, 12 பாஸ் மிச்சம் கிடக்கிறது.

இலவச பாஸ் வரிசையில்தான் எந்தத் தவறும் வசதியாக ஒளிந்துகொள்ளும். அதன் விலை பூஜ்யம், எத்தனை சேர்த்தாலும் மொத்த வசூல் அசையாது. அதனால் பாஸ் கொடுக்கும் முறையையும் ஒப்பிட்டாக வேண்டும். தனி நிறத்தில், தனி எண் வரிசையில், பெற்றவர் பெயர் எழுதிய பட்டியலோடு கொடுப்பது ஒரு முறை. விலை டிக்கெட்டின் மேலேயே 'இலவசம்' என்று முத்திரை குத்திக் கொடுப்பது இன்னொரு முறை. இரண்டாவது கைக்கு எளிது, கடைசி நேரத்தில் வரும் விருந்தினருக்கு முன் வரிசை இருக்கை எண்ணோடு கொடுத்துவிடலாம். ஆனால் அடிக்கட்டையில் முத்திரையைப் பிறகும் குத்தலாம். விற்ற டிக்கெட்டை இலவசமாக மாற்ற ஒரு முத்திரையும் ஒரு நிமிடமும் போதும். நான் தனி வரிசை பக்கம்தான். முத்திரை முறையைத் தவிர்க்க முடியாவிட்டால், டிக்கெட்டைக் கிழிக்கும் முன் அடிக்கட்டைக்கும் டிக்கெட்டுக்கும் நடுவில், இரண்டிலும் பாதி பாதி விழும்படி குத்த வேண்டும். யார் சொல்லிக் கொடுத்தது என்று அடிக்கட்டையில் கையெழுத்தும் வேண்டும்.

புரவலருக்குப் போகும் பாஸிலும் ஒரு குழப்பம் வரும். 25,000 ரூபாய் கொடுத்தவருக்கு 10 பாஸ் போனால், அந்தப் பணம் நன்கொடை வரவு, அந்த 10ம் இலவச வரிசை. அதை டிக்கெட் வசூலிலும் சேர்த்துவிட்டால் ஒரே பணம் இரண்டு தடவை வந்ததாகிவிடும்.

அடிக்கட்டை வழியில் அடிக்கடி வரும் தவறு ஒன்று எண்ணும் விதத்தில் இருக்கிறது. பாதி விற்ற புத்தகத்தில் முடிவு எண் என்று ஒருவர் கடைசியாக விற்ற எண்ணை எழுதுவார், இன்னொருவர் அடுத்து விற்க வேண்டிய எண்ணை எழுதுவார். புத்தகத்துக்கு ஒரு டிக்கெட் வித்தியாசம் வரும். வித்தியாசமும் பாதி விற்ற புத்தகங்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இந்த வழிக்குத் தெரியாதவையும் உண்டு. தெரிந்தவருக்கு 500 ரூபாய் டிக்கெட்டை 400க்குக் கொடுத்திருந்தால் அடிக்கட்டைக்குத் தெரியாது, பணம் எண்ணும்போதுதான் தெரியும். அதே எண்ணில் இன்னொரு செட் அச்சாகியிருந்தாலும் அடிக்கட்டை காட்டாது.

வாசலில் கிழித்த பாதிகளிலிருந்து

தனியாகப் பார்த்தால் மூன்றில் இதுதான் பலவீனம். டிக்கெட் வாங்கிவிட்டு வராதவர்கள் இருப்பார்கள். குழுவினர் வீட்டார் காட்டாமலே உள்ளே போயிருப்பார்கள். கூட்டம் நெரிக்கும்போது கிழிப்பவர் பாதியை வாங்க மறந்திருப்பார். நம் கணக்கில் பெட்டியில் கிடைத்தவை 500 ரூபாய் 93, 300 ரூபாய் 151, 100 ரூபாய் 219, பாஸ் 35. எல்லாம் வெளியே போனதைவிடக் குறைவு, அதில் வியப்பில்லை. ஏதாவது ஒரு வகுப்பில் வெளியே போனதைவிட அதிகமாக இருந்திருந்தால்தான் அபாயம்: ஒரே எண் இரண்டு தடவை வந்திருக்கிறது என்று பொருள்.

இதன் பலம் எண்ணிக்கையில் இல்லை, குறிப்பிட்ட எண்களைத் தேடிப் பார்ப்பதில் இருக்கிறது. சந்தேகம் 10 டிக்கெட்டில்தான். முத்திரை உள்ள அடிக்கட்டைகளின் எண்களை எடுத்துக்கொண்டு பெட்டியில் அதே எண்களைத் தேட வேண்டும். 500 ரூபாயில் ஆறு பாதிகளும் கிடைக்கின்றன, ஆறிலும் முத்திரை இருக்கிறது, அடிக்கட்டையில் விருந்தினர் பெயரும் இருக்கிறது. அவை உண்மையாகவே இலவசமாகப் போனவை. 300 ரூபாயில் மூன்றாவது புத்தகத்தின் 141 முதல் 144 வரை அடிக்கட்டையில் முத்திரை இருக்கிறது. ஆனால் பெட்டியில் கிடைத்த 141, 142, 144 மூன்றிலும் முத்திரை இல்லை. கையில் வாங்கிக்கொண்டு வந்தவரிடம் அது வெறும் விலை டிக்கெட்டாகத்தான் இருந்திருக்கிறது. அடிக்கட்டையில் குத்தியது பிறகு.

பணத்தை எண்ணிப் பார்த்தால் 4,200 ரூபாய் என்ற தொகையே வெளியே வந்திருக்காது. வாசல் பெட்டியை மட்டும் எண்ணியிருந்தால் எல்லாம் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு மூடி வைத்திருப்போம். அடிக்கட்டை முதலில், பெட்டி இரண்டாவது, பணம் கடைசியில் என்ற வரிசையில் போனால் பணத்திடம் கேட்க ஒரு தெளிவான கேள்வி கிடைக்கிறது: 1,16,500 வந்தது சரி, வந்திருக்க வேண்டியது எவ்வளவு?

திருத்திய அறிக்கை இப்படி இருக்கும். 500 ரூபாய்: வெளியே 98, விற்றது 92, இலவசம் 6, பெயர்கள் இணைப்பில். 300 ரூபாய்: வெளியே 162, பணம் வந்தது 158க்கு, 4 டிக்கெட்டுக்கு 1,200 ரூபாய் பாக்கி. 100 ரூபாய்: 231, பாக்கி இல்லை. இலவசம் 48 அல்ல, பாஸ் 38, முத்திரை டிக்கெட் 6, ஆக 44. வர வேண்டிய வசூல் 1,17,700, வந்தது 1,16,500. மூன்றாவது புத்தகத்தை எடுத்துப்போனவர் பெயர், எடுத்த தேதி, கையெழுத்து மூன்றும் வழங்கல் பதிவேட்டில் இருக்கும். அந்த 1,200 பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும்.